"நாலரை வருஷம் வீட்ல என்ன பண்ணீங்க?"

திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். 2018 ஜூனில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது, வேலையை விட்டேன். மூக்கு வழியாக டியூப். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 200 மில்லி கஞ்சி. முதுகில் புண் வராமல் ராத்திரியிலும் புரட்டிப் படுக்க வைக்கணும். 2022 டிசம்பரில் அப்பா போய்விட்டார்.

அடுத்த வருஷம் போன முதல் இன்டர்வியூவில் மேலே இருக்கும் கேள்வியைக் கேட்டார்கள். "ஸாரி சார்" என்றுதான் வாயைத் திறந்தேன். அண்ணன் வெளிநாட்டில் இருப்பது, ஹோம் நர்ஸ் நிற்காதது என்று பத்து நிமிஷம் வீட்டுக் கதை. கேட்டவர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

வெளியே வந்தபிறகுதான் உறைத்தது. என் கஷ்டத்தை அவர் கேட்கவே இல்லை. திரும்பவும் லீவு போடுவாளா, வேலை மறந்துபோச்சா, இந்த இரண்டும்தான் அவருக்குத் தெரியணும். நான் இரண்டுக்கும் பதில் சொல்லவில்லை.

பயோடேட்டாவில் வருஷத்தை மட்டும் போட்டு மழுப்பச் சொன்ன தோழிகள் உண்டு. பி.எஃப் கணக்கில் சேர்ந்த தேதி, விலகிய தேதி எல்லாம் இருக்கிறது. வெரிஃபிகேஷனில் மாட்டினால் இடைவெளியை விட்டுவிடுவார்கள், பொய் சொன்னதைத்தான் பிடித்துக்கொள்வார்கள். "ஹோம் மேனேஜர்" என்று பட்டம் போட்டுக்கொள்வதும் எனக்கு ஒவ்வாது. அப்பாவுக்குக் கஞ்சி ஊற்றியதை "டைம் மேனேஜ்மென்ட்" ஆக்கணுமா என்ன?

வேலை வரிசையிலேயே ஒரு வரி சேர்த்தேன்: "ஜூன் 2018 – டிசம்பர் 2022: தந்தையின் முழுநேரப் பராமரிப்பு." அவ்வளவுதான். நோய் பெயர்கூட இல்லை.

அப்புறம் இரண்டு மாதம் உட்கார்ந்து விட்டதைப் பிடித்தேன். நான் விட்டுவந்த கணக்கு சாஃப்ட்வேர் டேலி இ.ஆர்.பி 9 போய் டேலி பிரைம் வந்திருந்தது. விரல் பழைய பட்டனையே தேடியது. வேண்டிய திரைக்குத் தாவ Alt+G பழக ஒரு வாரம். அதைவிடப் பெரிய மாற்றம் ஜிஎஸ்டிஆர்-2பி, சப்ளையர்கள் ஜிஎஸ்டி தளத்தில் காட்டிய பில்களின் மாதப் பட்டியல். 2022 ஜனவரியிலிருந்து சப்ளையர் காட்டிய பில் அதில் வந்தால்தான் இன்புட் கிரெடிட், அதாவது வாங்கியதற்குக் கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ள முடியும். எங்கள் தெரு ஆடிட்டரிடம் போய், மூன்று மாதப் பர்ச்சேஸை 2பியோடு ஒப்பிட்டுக் கொடுத்தேன், சம்பளம் வாங்காமல்.

இரண்டாவது இன்டர்வியூவில் அதே கேள்வி. "அப்பாவைப் பார்த்துக்கிட்டேன் சார். அவர் 2022ல தவறிட்டார், இப்ப அந்தப் பொறுப்பு இல்லை. இந்த ரெண்டு மாசமா பர்ச்சேஸை 2பியோட ஒப்பிட்டுப் பார்த்துட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அந்த மௌனம்தான் கஷ்டம். "அனுதாபப்படுங்க" என்று இன்னொரு வரி நாக்கு நுனியில் வந்து நிற்கும். விழுங்கிவிடணும்.

அவர் பேப்பரைப் புரட்டினார். "சரிம்மா, சப்ளையர் பில் போட்டுட்டார், 2பியில வரலை. என்ன பண்ணுவீங்க?"

அதற்குத்தான் பத்து நிமிஷம் பேசினேன்.