இழப்பீடு வந்தால் போதுமா?

"ஜி.எஸ்.டி. வந்து, ஊருக்குள் நுழையும் சரக்குக்கு மாநகராட்சி வாங்கிய ஆக்ட்ராய் வரி போனால் என்ன, இழப்பீடுதான் மாசாமாசம் வருதே?" என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்.

பணம் வருகிறது, சரி. மும்பை மாநகராட்சியையே பாருங்கள். 2017 ஜூலை வரை நாக்கா என்ற நகர எல்லைச் சாவடியில் சரக்கு நுழையும்போதே வரியை அதுவே வசூலித்தது. இப்போது 2016-17 வசூலை அடிப்படையாக வைத்து, ஆண்டுக்கு 8 சதவீதம் கூட்டி மாநில அரசு கொடுக்கிறது. அன்று 100 ரூபாய் என்றால் அடுத்த ஆண்டு 108, அதற்கடுத்து 116 ரூபாய் 64 காசு. ஊருக்குள் சரக்கு இரண்டு மடங்கு வந்தாலும் அதே கணக்குதான்.

நான் கேரளத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். தமிழ்நாட்டு எல்லையில் இருந்த வாளையாறு செக்போஸ்ட் வரி எங்கள் பஞ்சாயத்துப் பணம் என்று இங்கே பலர் இன்னும் நினைக்கிறார்கள். அது மாநிலத்துக்குப் போனது. பஞ்சாயத்துக்கு என்று இருந்தது கேளிக்கை வரி. தியேட்டர்காரர் டிக்கெட் கட்டுகளை பஞ்சாயத்து ஆபீஸுக்குக் கொண்டுவந்து, வரி கட்டி, சீல் வாங்கிப் போவார். ஜி.எஸ்.டி. வந்ததும் அது நின்றது. அரசியலமைப்பின் 101-ஆவது திருத்தம் உள்ளாட்சிகள் வசூலிக்கும் கேளிக்கை வரியை விட்டுவைத்திருந்ததால், 2019-இல் கேரளம் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. நுழைவு வரிக்கும் விளம்பர வரிக்கும் அந்த வழியும் இல்லை, மாநிலப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.