25 ஆயிரம் பல்லு, 62 ஆயிரம் பில்லு

முந்தாநாள் என் பல் இம்ப்ளாண்ட் பில்லை போட்டோ எடுத்துப் போட்டு, 25 ஆயிரம்னு போஸ்டர் ஒட்டின கிளினிக்ல 62 ஆயிரம் ஆச்சுன்னு புலம்பியிருந்தேன். அதுக்குக் கீழே கமெண்ட்ல நடந்த கூத்தையும் பார்த்திருப்பீங்க. "படிக்காம கையெழுத்து போட்டது யார் தப்பு சார்?"னு ஒரு பல் மருத்துவ நண்பர் கேட்டார். அதுக்கு நாற்பது லைக். சரி, என் தப்புதான். ஆனா அந்தக் காகிதத்துல இல்லாததை நான் எப்படிப் படிக்கிறது டாக்டர்?

இம்ப்ளாண்ட்ங்கிறது ஒரே சாமான் இல்லை. எலும்புக்குள்ள இறக்குற டைட்டானியம் ஸ்குரூ ஒண்ணு. அது மேல நிக்கிற அபட்மெண்ட் ஒண்ணு. அதுக்கு மேல மாட்டுற கேப் ஒண்ணு. போஸ்டர்ல இருந்த 25,000 ஸ்குரூவுக்கு மட்டும். கேப்புக்கு 15,000 சேர்த்து "மொத்தம் நாற்பதுதான் சார், மாசம் நாலாயிரம், பத்து மாசம், வட்டியே கிடையாது"ன்னாங்க. தலையாட்டினேன்.

அப்புறம் ஸ்கேனுக்கு 3,000. ஆபரேஷன் அன்னைக்கு நாற்காலியில வாயைத் திறந்து வச்சிருக்கும்போது "எலும்பு பத்தலை, கிராஃப்ட் வைக்கணும்", 12,000. மரத்துப்போன வாயோட யார் பேரம் பேச முடியும்? நாலு மாசம் கழிச்சு "அபட்மெண்ட் தனி சார்", 6,000. லோன் பிராசஸிங் ஃபீஸ் ஜிஎஸ்டியோட 1,180. கூட்டுங்க, 62,180.

"திறந்து பார்த்தாதானே எலும்பு தெரியும்"னு கேப்பீங்க. 3,000 வாங்கி எடுத்த ஸ்கேன் எதுக்கு? எலும்போட உயரமும் அகலமும் நரம்பு எவ்வளவு கீழ ஓடுதுங்கிறதும் பார்க்கத்தானே? பல்லு போய் ஆறு வருஷம் ஆன இடத்துல எலும்பு கரைஞ்சிருக்கும்னு உங்களுக்குத் தெரியாதா? உள்ளே போனப்புறம் கணக்கு மாறுறது உண்டு, ஒத்துக்குறேன். அப்போ "கிராஃப்ட் தேவைப்பட்டா இவ்வளவு ஆகும்"னு முன்னாடியே ஒரு வரி எழுதிக் கொடுங்க. நான் கேக்குறது அந்த ஒரு வரி.

வட்டியே இல்லாத கதைக்கு வர்றேன். என் மச்சான் அதே கிளினிக்ல, இதே ஸ்குரூவுக்கும் கேப்புக்கும் "மொத்தமா ரொக்கம் கொடுத்தா?"ன்னு கேட்டான். 37,000-ன்னாங்க! அப்போ எனக்கு 40,000-ல ஒளிஞ்சிருந்த மூவாயிரம் என்ன, மொய்யா? பிராசஸிங் ஃபீஸையும் சேர்த்து உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 25 சதவீதம் வருது. 2024 அக்டோபர்ல இருந்து இந்த மாதிரிக் கடனுக்கெல்லாம் எல்லாக் கட்டணமும் சேர்ந்த வருஷ வட்டியைப் போட்டு கீ ஃபேக்ட் ஸ்டேட்மெண்ட் தரணும்னு ரிசர்வ் வங்கி விதி. அதுல ஃபீஸ் தெரியும். ரொக்கத் தள்ளுபடி தெரியாது. கடன் பேச்சை எடுக்கறதுக்கு முன்னாடியே ரொக்க விலையைக் கேட்டுடணும். நான் கேக்கலை.

"தவணையே தப்பு, இருந்தா கட்டு, இல்லைன்னா அரசு ஆஸ்பத்திரிக்குப் போ"ன்னு ஒரு அண்ணன். இந்த அண்ணனோட வீட்டு ஃபிரிட்ஜ் ரொக்கத்துல வந்ததா என்ன?

தவணை தப்பில்லை. என் பொண்ணுக்கு கிளிப் போட்டப்போ எங்க ஊர் டாக்டர் அப்பாயின்ட்மெண்ட் கார்டுக்குப் பின்னாலேயே எழுதிக் கொடுத்தார். மொத்தம் 45,000. கம்பி ஒட்டுற அன்னைக்கு 15,000, அப்புறம் மாசாமாசம் கம்பி முடுக்க வரும்போது இரண்டாயிரமா பதினஞ்சு தடவை. பிராக்கெட் உடைஞ்சா 300. கடைசியில போடுற ரிடெய்னர் இதுலயே சேர்த்தி. ஒரு தடவை முறுக்கு கடிச்சு உடைச்சிட்டா, 300 கொடுத்தோம், முடிஞ்சது. நடுவுல எந்த ஃபைனான்ஸ் கம்பெனியும் கிடையாது. வேலை நடந்தா காசு, நடக்கலைன்னா இல்லை. இம்ப்ளாண்டுக்கும் ஸ்குரூ வைக்கிற அன்னைக்குப் பாதி, கேப் மாட்டுற அன்னைக்கு மீதின்னு வாங்கலாமே? எலும்பு ஸ்குரூவைப் பிடிக்க எப்படியும் மூணு நாலு மாசம் ஆகுது, அந்த இடைவெளியில நாங்க சேர்த்துவச்சுக் கட்டிட மாட்டோமா?

என் கேஸ்ல முதல் நாளே கடன் கொடுத்த ஃபைனான்ஸ் கம்பெனி முழுப் பணத்தையும் கிளினிக்குக்குக் கொடுத்துடுச்சு. இனி அவங்களுக்கு என்ன அவசரம்? நான் கடன்காரன், அவ்வளவுதான்.

மருத்துவர்களைத் திட்டுறேன்னு சொல்லாதீங்க. எங்கப்பா ஐம்பது வயசுல மொத்தப் பல்லையும் பிடுங்கிட்டு, ராத்திரி எவர்சில்வர் டம்ளர்ல பல் செட்டைப் போட்டுவச்சுட்டுப் படுப்பார். எங்க முன்னாடி சிரிக்கவே மாட்டார். அந்த டம்ளரை நினைச்சுத்தான் நான் இம்ப்ளாண்டுக்கே போனேன். ஆசைப்பட்டது தப்புன்னா, ஆமா, தப்புதான்.

அபட்மெண்ட் காசு 6,000 கட்டினாத்தான் கேப்புக்கு அளவெடுப்பாங்களாம். இன்னைக்குக் காலையில இட்லியை ஒரு பக்கமா ஒதுக்கி மென்னுக்கிட்டு இருக்கும்போது மெசேஜ் வந்துச்சு. அஞ்சாவது தவணை, நாலாயிரம், கழிச்சாச்சு.