அந்த நகைச்சுவை என் திரையில் இல்லை

நேற்று குழுவில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். காய்ச்சலால் கூட்டத்துக்கு வர இயலவில்லை என்று நான் எழுத, நண்பர் ஒருவர் "நீங்கள் வராததால் கூட்டம் சீக்கிரம் முடிந்தது" என்று பதில் அனுப்பினார். வருத்தமாக இருக்கிறது என்று சொன்னதற்கு, எனக்கு நகைச்சுவை உணர்வே இல்லை என்று நான்கு பேர் தீர்ப்பு எழுதினார்கள். அந்த நகைச்சுவை அவர் மனத்தில் இருந்தது. என் திரையில் இல்லை.

கிண்டலாகப் பேசும்போது சொல்லை இழுக்கிறோம், வேகத்தைக் குறைக்கிறோம், குரலைத் தாழ்த்துகிறோம். முகத்தை அசைக்காமல் சொல்லும் கிண்டலில் இவையும் இருப்பதில்லை. அதை விளங்கவைப்பது சூழலும், பக்கத்தில் இருப்பவரின் சிரிப்பும், கேட்பவர் முகம் வாடியதும் சொன்னவர் உதட்டில் வந்துவிடும் சிறு புன்னகையும்தான். என் அப்பா அப்படித்தான் பேசுவார். நான் நேரம் கழித்து வீடு திரும்பினால், "இன்னும் கொஞ்சம் தாமதித்திருக்கலாமே" என்பார். சொல்லிக்கொண்டே தட்டை என் பக்கம் நகர்த்துவார். அதே வாக்கியத்தை அவர் கைபேசியில் அனுப்பியிருந்தால், வீட்டுக்குள் நுழையவே தயங்கியிருப்பேன்.

இது என் மனக்குறை மட்டுமல்ல. மின்னஞ்சலில் கிண்டல் எவ்வளவு புரிகிறது என்று அமெரிக்க உளவியலாளர்கள் சோதித்த ஆய்வு 2005இல் வெளிவந்தது. தாங்கள் எழுதியது கிண்டலா இல்லையா என்பதைப் படிப்பவர் நூற்றுக்கு 78 முறை சரியாகக் கண்டுபிடிப்பார் என்று எழுதியவர்கள் நம்பினார்கள். நடந்தது 56 முறை. நாணயத்தைச் சுண்டி ஊகித்தாலே 50 கிடைக்கும். எழுதுகிறவருக்குத் தன் குரல் உள்ளே கேட்டுக்கொண்டே இருப்பதால், அந்தக் குரலும் எழுத்தோடு போய்ச் சேர்ந்துவிட்டதாக அவர் நினைத்துக்கொள்கிறார். படிக்கிறவருக்கு வருவது வாக்கியம் மட்டுமே.

"ஒரு சிரிப்புக்குறி போட்டிருந்தால் தீர்ந்திருக்குமே" என்பீர்கள். இந்தச் சிக்கலுக்காகவே 1982இல் ஸ்காட் ஃபால்மன் என்ற கணினி அறிஞர் :-) என்ற குறியை முன்மொழிந்தார். தீர்ந்திருக்கலாம், ஆனால் நண்பர் போடவில்லையே! "இத்தனை வருடப் பழக்கத்தில் உங்களுக்கே புரிந்திருக்க வேண்டாமா?" என்றும் கேட்கிறார்கள். இந்தக் கேள்விதான் என்னை அதிகம் புண்படுத்துகிறது. பழக்கம் இருந்ததால்தான் வலித்தது. கூட்டங்களில் நான் அதிகம் பேசுகிறேனோ என்ற கூச்சம் எனக்கு முன்பே உண்டு. அது அவருக்கும் தெரியும். காய்ச்சலோடு படுத்திருந்த எனக்கு, அந்த வரியை அவர் குரலில் படித்துக்கொள்ளத் தெம்பில்லை. என் பயத்தின் குரலில்தான் படித்தேன்.

நேரில் சொல்லியிருந்தால், என் முகத்தைப் பார்த்த மறுநொடியே "விளையாட்டுக்குச் சொன்னேன்" என்றிருப்பார். நேற்று நான் வருத்தத்தை எழுதியே காட்டினேன். அதன் பிறகும் அவர் அந்த நான்கு பேரின் பதிவுகளுக்கு விருப்பக்குறி போட்டாரே தவிர, அந்த ஒரு வரியை இன்னும் எனக்கு எழுதவில்லை.