கடைசி பெஞ்சில் ஒரு ஸ்டாப்வாட்ச்

காரைக்குடியில் கேள்வி கேட்கும் முறை பற்றி ஒருநாள் பயிற்சி நடந்தது. கேள்வி கேட்டதும் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் காட்டியதைச் சொல்லி, "மூணு செகண்டாவது பொறுங்க டீச்சர்" என்றார் பயிற்றுநர். நல்ல பயிற்சி. மறுநாளிலிருந்து அப்படித்தான் செய்கிறேன் என்று ஒரு மாதம் நம்பிக்கொண்டிருந்தேன்.

பிறகு எங்கள் அறிவியல் டீச்சர் அக்கா, என் ஆறாம் வகுப்புப் பின்னப் பாடத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து போன் ஸ்டாப்வாட்சில் குறித்தார். 22 கேள்விகள். 17-க்கு ஒரு நொடிகூடப் பொறுக்கவில்லை. பதில் சொன்னவர்கள் முன்வரிசையில் அதே நாலு பிள்ளைகள். "நாலு தடவை நீயே பதில் சொல்லிட்டம்மா" என்றார்.

பயிற்சி அரங்கில் 35 பிள்ளைகள் கிடையாது. பாடத்தை முடிக்கிற அவசரமும் கிடையாது. வகுப்பில் அமைதி வந்தால் எனக்குப் படபடக்கும், வாய் தானாகத் திறந்துவிடும். குறிப்பேட்டில் எழுதியது அந்த நேரத்தில் கைக்கு வராது. என் மாணவன் ஒருவனின் அப்பா ஆத்தங்குடித் தரைக்கல் செய்கிறவர். கண்ணாடிமேல் வைத்த அச்சில் நிறக்கலவையை ஊற்றும் பக்குவத்தை அவர் சொற்பொழிவில் கற்கவில்லை. பக்கத்தில் நின்ற மேஸ்திரி கையைத் திருத்தித் திருத்தி வந்தது.

நாங்களும் அதைத்தான் செய்தோம். ஆறு வாரம், வாரம் ஒரு பாடவேளை, இந்த ஒன்றை மட்டும் பார்ப்பது, முடிந்ததும் பத்து நிமிடப் பேச்சு, மதிப்பெண் கிடையாது. மூன்றாவது வாரம் நான் ஒழுங்காகக் காத்திருந்தேன், ஆனாலும் வகுப்பு சலித்துப்போய் உட்கார்ந்திருந்தது. "கேள்வியில யோசிக்க ஒண்ணுமில்லையே" என்றார் அக்கா. உண்மைதான்: 3/4, 2/4 இரண்டில் எது பெரிது என்று கேட்டிருந்தேன். அடுத்த வாரம் கேள்வியை மாற்றினேன்: 1/3 பெரிதா, 1/4 பெரிதா, ஏன்? வாயே திறக்காத ஒருவன் சொன்னான், "1/4 டீச்சர், நாலுதானே பெரிசு." அந்தக் குழப்பம் எத்தனை பிள்ளைகளிடம் இருந்தது என்று அன்றுதான் தெரிந்தது. எந்த அரங்கிலும் எனக்கு இதைச் சொல்லியிருக்க முடியாது.

கல்வி ஆய்வாளர்கள் ஜாய்ஸும் ஷவர்ஸும் 1980-லேயே ஆசிரியர் பயிற்சிக்கு ஐந்து கூறுகள் சொன்னார்கள்: விளக்கம், செய்துகாட்டல், செய்துபார்த்தல், பின்னூட்டம், வகுப்பில் உடனிருந்து வழிகாட்டல். ஒருநாள் பயிற்சி பெரும்பாலும் இரண்டாவதோடு முடிகிறது. தென்னாப்பிரிக்காவில் ஆரம்ப வகுப்பு வாசிப்புக்கு ஒரே பாடத்திட்டத்தை இரு வழியில் கொடுத்துப் பார்த்தார்கள். வெளியே கூட்டிப் பயிற்சி கொடுத்ததைவிட, வகுப்புக்கே வந்து வழிகாட்டியதில் பிள்ளைகளின் முன்னேற்றம் ஏறக்குறைய இரு மடங்கு.

இதிலும் சிக்கல் உண்டு. பெரிய அளவில் விரிக்கும்போது வழிகாட்டலின் பலன் குறைவதை 60 ஆய்வுகளைத் தொகுத்த 2018 ஆய்வு காட்டியது. தேர்ந்த வழிகாட்டிகள் அத்தனை பேர் கிடைப்பதில்லை. பின்னால் இருப்பவர் படிவம் நிரப்ப வந்தவர் என்றால், நான் அன்றைக்கு மட்டும் நல்ல பாடம் நடத்திக் காட்டுவேன்.

அதனால் நான் கேட்பது சின்ன விஷயம். ஒரு பயிற்சி நாளைக் குறைத்துவிட்டு, ஒருவர் வகுப்பில் இன்னொருவர் உட்கார வாரம் ஒரு பாடவேளையைக் கால அட்டவணையிலேயே ஒதுக்குங்கள். வரும் வியாழன் அக்காவின் வகுப்பில் நான் உட்காருகிறேன். சோதனை செய்யும்போது பையன்கள்தான் கருவியைத் தொடுகிறார்களா, பெண்பிள்ளைகளுக்கும் கிடைக்கிறதா என்று மட்டும் எண்ணச் சொல்லியிருக்கிறார்.