பட்டனைப் பிரித்துப் போட்ட புண்ணியவான்

செங்கோட்டையில் நாலு பேர் உட்கார்ந்து டிசைன் பார்க்கிறோம். புனலூர்ப் பக்கத்துக் கடைகளுக்கு ஒரு ஆப். தமிழ், மலையாளம் இரண்டிலும் வேண்டும். பட்டனை ஃபிக்மா என்ற டிசைன் மென்பொருளில் ஒரே காம்போனென்ட்டாக, அதாவது மூலத்தை மாற்றினால் நகலெல்லாம் மாறும்படி, செய்து எல்லோருக்கும் பகிர்ந்தாயிற்று. இடைவெளிக்கு 4, 8, 12, 16, 24 தவிர வேறு எண் கிடையாது என்றும் பேசியாயிற்று. அப்புறமும் ஒருத்தர், மலையாள எழுத்து பட்டனுக்குள் அடங்கவில்லை என்று, மூலத்தோடு உள்ள தொடர்பை அறுக்கும் ‘Detach instance’ அழுத்தி, பக்கவாட்டில் 13 வைத்து இழுத்துவிட்டிருக்கிறார். 13! அது எந்த ஊர்க் கணக்கு?

இதில் கொடுமை, பிரித்த பட்டன் உடனே காட்டிக்கொடுக்காது. அதன் நிறம் பகிர்ந்த ஸ்டைலிலேயே ஒட்டியிருப்பதால், அங்கே மாற்றினால் இங்கேயும் மாறும். நாமும் எல்லாம் சரி என்று நம்பிவிடுவோம். மூல பட்டனின் முனை வளைவை 4இலிருந்து 8 ஆக்கிய அன்றுதான் குட்டு உடைந்தது. மற்றதெல்லாம் வளைந்தது, இவர் போட்டது மட்டும் பழையபடி. லேயர் பட்டியலில், மூலத்தோடு ஒட்டியிருப்பதைக் காட்டும் ஊதா நிற வைர அடையாளம் எங்கே இல்லை என்று திரை திரையாகத் தேடிக் கண் பூத்துப்போனது.

பிரிக்க வேண்டிய தேவையே இல்லை, அண்ணாச்சி! ஆட்டோ லேஅவுட்டில் அகலத்துக்கு ‘Hug contents’ கொடுத்தால் எழுத்து நீள நீள பட்டனும் நீளும். ஓரத்து இடைவெளி 16 அப்படியே நிற்கும். அகலம் ‘Fixed’ என்று மாறாமல் இருந்தால்கூட, பிரிக்காமலே அந்த ஒரு இடத்தில் மாற்றிக்கொள்ளலாம். கேட்டால், “அவசரம்ல” என்கிறார். இதற்குள் புதிதாகச் சேர்ந்த தம்பி அந்த 13ஐத்தான் அளவு என்று நினைத்து, நகலெடுத்து வேறு திரைகளிலும் ஒட்டிவிட்டான்.