கிரியேட்டின் டப்பா வாங்கும் முன்

ஜிம்மில் சேர்ந்த சில மாதங்களில் தூக்கும் எடை ஏறாமல் நின்றுவிட்டால், நம்ம சேலத்துப் பையன்கள் முதலில் கேட்பது "எந்த கம்பெனி கிரியேட்டின் நல்லது?" என்றுதான். கிரியேட்டின் வேலை செய்யும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் புதிதாகத் தூக்குபவருக்கு எடை நின்றுபோகும் காரணம் பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கிறது.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர். 58 கிலோ, சுத்த சைவம். பெஞ்ச் பிரஸ்ஸில் 40 கிலோ போடுகிறார். 45 வைத்தால் மூன்றாவது ரெப்பில் கம்பி நெஞ்சோடு நின்றுவிடுகிறது. பக்கத்தில் நின்று பார்த்தேன். அந்த ஜிம்மில் இருக்கும் சின்ன பிளேட்டே 2.5 கிலோதான். இரண்டு பக்கமும் மாட்டினால் ஒரே தாவலில் 5 கிலோ, அதாவது தூக்கும் எடையில் எட்டில் ஒரு பங்கு கூடுகிறது. 1.25 கிலோ பிளேட் ஒரு ஜோடி வாங்கி வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

அடுத்தது ஓய்வு. ஒரு நிமிஷத்தில் அடுத்த செட்டுக்குப் படுத்துவிடுகிறார். கனமான சில ரெப்புகளுக்குத் தசை நம்பியிருப்பது பாஸ்போகிரியேட்டின் என்ற சேமிப்பை. ஒரு செட்டில் கரைந்த அது பெரும்பகுதி திரும்ப நிரம்பச் சுமார் மூன்று நிமிஷம் வேண்டும். கிரியேட்டின் பவுடர் பெரிதாக்குவதும் இதே சேமிப்பைத்தான். நிரம்ப நேரம் கொடுக்காமல் தொட்டியை மட்டும் பெரிதாக்கி என்ன பயன்?

முதல் செட் நன்றாகப் போய் அடுத்தடுத்த செட்டில் ரெப் குறைந்தால் ஓய்வைப் பாருங்கள். முதல் செட்டே எல்லாப் பயிற்சியிலும் கனத்தால் சாப்பாட்டையும் தூக்கத்தையும் பாருங்கள். தம்பிக்கு இதுவும் இருந்தது. காலையில் இட்லி, மதியம் சாம்பார் சாதம், சாயங்காலம் தட்டுவடை செட். இரண்டு மாதமாக உடல் எடை அசையவே இல்லை. அவர் எடைக்கு நாளைக்குச் சுமார் 90 கிராம் புரதம் வேண்டும், அதில் பாதிகூட வரவில்லை. சோயா உருண்டை 50 கிராம் சேர்த்தாலே 25 கிராம் கிடைக்கும். அப்புறம் பால், தயிர், பனீர், சுண்டல்.

இதையெல்லாம் சரிசெய்த பிறகுதான் கிரியேட்டினுக்குச் சரி என்றேன். ஒன்றாகத் தொடங்கினால் எது வேலை செய்தது என்றே தெரியாது. சாதாரண மோனோஹைட்ரேட் போதும். தினமும் 3 முதல் 5 கிராம், ஜிம் இல்லாத நாளிலும். எந்த நேரத்தில் குடித்தாலும் சரி. முதல் வாரம் 20 கிராம் குடிப்பது கட்டாயம் இல்லை; அப்படிக் குடிக்காவிட்டால் தசை நிரம்ப மூன்று நான்கு வாரம் ஆகும். ஒரு கிலோ எடை கூடினால் பயப்பட வேண்டாம், அது தசைக்குள் போகும் தண்ணீர். கறி, மீன் சாப்பிடாதவர்களுக்கு இந்தச் சேமிப்பு குறைவாகவே இருப்பதால் பலன் கொஞ்சம் கூடுதலாகவே தெரியலாம். அப்போதும் கிடைப்பது கடைசி செட்டில் ஒன்றிரண்டு ரெப்தான்.

சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. மற்றவர்களும் ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது கிரியேட்டின் எடுப்பதைச் சொல்லிவிடுங்கள். ரிப்போர்ட்டில் சிறுநீரகத்துக்காகப் பார்க்கும் "கிரியேட்டினின்" என்ற அளவு இதனாலேயே சற்று ஏறித் தெரியலாம்.

தம்பி இப்போது டப்பாவைத் திறக்காமலே 45 கிலோவில் ஐந்து ரெப் முடிக்கிறார். அடுத்த மாதம் கிரியேட்டின் தொடங்குகிறார்.