நான் கேட்டது என் லீவை

நேற்று நம்ம குழுவில் நடந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். தைப்பூசத்துக்கு லீவு கிடைக்கவில்லை என்று ஒரு தம்பி எழுதியதற்கு, “பொழைக்க வந்த நாட்டுல நாள் கிழமை பார்க்காதே, வேணும்னா ஊருக்குப் போ” என்று ஒருவர் பதில் போட்டார். அதற்கு நாற்பது பேர் லைக். எல்லாரும் நம்ம ஆட்கள்தான். ராத்திரி தூக்கம் வரவில்லை, அதான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. யாரும் பொது விடுமுறை கேட்கவில்லை. தனக்குச் சேர வேண்டிய ஆண்டு விடுப்பில் ஒரு நாளைக் கேட்டான், அவ்வளவுதான். சிங்கப்பூர் வேலைச் சட்டப்படி முதல் வருடம் ஏழு நாள், பிறகு வருடத்துக்கு ஒன்றாகக் கூடி பதினான்கு வரை போகும். எந்தத் தேதியில் எடுப்பது என்பதற்கு கம்பெனி சம்மதம் வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த நாள் அவனுடையது. தானம் இல்லை.

என் கதையும் அதேதான். இந்த வருடம், 2025-இல், தைப்பூசம் பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை. டிசம்பர் முதல் வாரமே விண்ணப்பம் கொடுத்தேன். சீனப் புத்தாண்டு ஜனவரி 29, 30 இரண்டு நாளும் நானே ஷிப்ட் பார்க்கிறேன், அவர்கள் குடும்பத்தோடு இருக்கட்டும், அதில் ஒரு நாளுக்குப் பதிலாக இதைக் கொடுங்கள் என்றேன். இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டால் பொது விடுமுறையை வேறு நாளுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. சூப்பர்வைசர் சொன்னது ஒரே வரி: “உனக்கு தீபாவளி இருக்கே. உனக்குக் கொடுத்தா எல்லாரும் கேப்பாங்க.” புத்தாண்டு ரெண்டு நாளும் ரோஸ்டரில் என் பெயர்தான் இருந்தது. பூசத்தன்றும் என் பெயர்தான்.

தீபாவளி இருக்கிறதாம். 1968 வரை இங்கே தைப்பூசமும் பொது விடுமுறைதான். விடுமுறைகளைக் குறைத்தபோது இந்துக்களுக்கு தீபாவளி மிஞ்சியது, பூசம் போனது. முஸ்லிம்களுக்கு நபிகள் பிறந்தநாள் போனது. நாடு எடுத்த முடிவு, அதில் எனக்குச் சண்டை இல்லை. பாலம் தாண்டினால் ஜொகூரில் அன்றைக்கு விடுமுறை என்று சொல்லி அங்கலாய்க்கவும் இல்லை. பொது விடுமுறை இல்லை என்றால் சொந்த விடுப்பில்தான் போக வேண்டும். அந்தச் சொந்த விடுப்பையும் கேட்கக் கூடாது என்றால் எப்படிப் போவது?

“எம்சி போட்டுட்டுப் போயேன்” என்று அந்தப் பதிவிலேயே ஏழெட்டுப் பேர் எழுதியிருக்கிறீர்கள். நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்துவிட்டு, டாக்டரிடம் போய் வயிற்றுவலி என்று பொய் சொல்லி, அந்தச் சீட்டோடு முருகன் முன்னால் நிற்கணுமா? என்னால் முடியாது. உண்மையைச் சொல்லிக் கேட்கிறவன் பிரச்சினைக்காரன், பொய் சொல்கிறவன் சமர்த்தன் என்று ஆகிவிட்டது.

“ராத்திரியே போயிட்டு வரலாமே” என்பவர்களுக்கு: போனேன். அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்தபோது அம்மா வேண்டிக்கொண்ட பால்குடம் அது, தள்ளிப்போட மனசு வரவில்லை. திங்கள் இரவு ஏழு மணிக்கு ஷிப்ட் முடிந்து, அறைக்குப் போய்க் குளித்து, மஞ்சள் வேட்டி கட்டி, சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலில் வரிசையில் நின்றேன். நள்ளிரவு தாண்டித்தான் குடம் தலைக்கு வந்தது. டேங்க் ரோடு கோயிலில் பால் ஊற்றும்போது மணி மூன்றரை. வெளியே வந்து நடைபாதையில் உட்கார்ந்து அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். ஊரில் அப்போது மணி ஒன்று. அம்மா விழித்தே இருந்தார். “சாமி நல்லா தெரிஞ்சுதாப்பா?” என்று கேட்டார். காலை ஏழு மணிக்கு சில்லர் அறையில் ஏணி மேல் நின்றேன். பத்து மணி வாக்கில் ஒரு நொடி கண் சொருகியது, கையிலிருந்த ஸ்பேனர் கீழே போனது. கீழே யாரும் இல்லை. இருந்திருந்தால்?

ஆள் குறைவு, ஒரே நாளில் பத்துப் பேர் கேட்டால் என்ன செய்வது என்கிறீர்கள். நியாயமான கேள்வி. எங்கள் டீமில் பதினோரு பேர், அன்றைக்குக் கேட்டவன் நான் ஒருவன்.

சூப்பர்வைசர் மேல் கூட எனக்கு அவ்வளவு வருத்தம் இல்லை. அவருக்குப் பூசம் என்றால் என்னவென்று தெரியாது. என் கூட வேலை செய்யும் சீன அண்ணன், விஷயம் தெரிந்ததும், “முன்னாடியே சொல்லியிருந்தா நான் மாத்தியிருப்பேனே” என்றார். நாற்பது லைக் போட்டவர்களுக்கு எல்லாம் தெரியும். அம்மா கையால் திருநீறு வாங்கி விமானம் ஏறியவர்கள்தானே நாம் எல்லாரும்? அந்தத் தம்பி பதிவை நீக்கிவிட்டான். நான் நீக்கப்போவதில்லை.

அடுத்த வருடம், 2026-இல், பூசம் பிப்ரவரி 1, ஞாயிற்றுக்கிழமை. எனக்கு ஞாயிறும் ஷிப்ட்தான். விண்ணப்பத்தை இன்று காலையே அனுப்பிவிட்டேன், காரணம் என்ற இடத்தில் தைப்பூசம் என்றே எழுதி.